கழிப்பறை 1596-லேயே வந்துவிட்டது, லண்டனில் காலரா 1866 வரை போகவில்லை. இடையில் என்ன நடந்தது?

நீரோட்டம்

வணக்கம். ஒரு வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது. ஜான் ஹாரிங்டன் என்பவர் 1596-லேயே தண்ணீர் விட்டுக் கழுவும் கழிப்பறையை வடிவமைத்து, அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதிவிட்டார். மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே ஓர் அடைப்பான். திறந்தால் எல்லாம் கீழே போய்விடும். முதலாம் எலிசபெத் ராணிக்காக ரிச்மண்ட் அரண்மனையில் ஒன்று வைத்தார்கள் என்றும் படித்தேன்.

ஆனால் அதே லண்டனில் 1832, 1849, 1854, 1866 என்று நான்கு முறை காலரா வந்து போனது. 1848-49 அலையில் மட்டும் 14,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கருவி கையில் இருந்தும் 270 வருடம் ஏன் ஆனது? மக்களுக்கு அக்கறை இல்லையா, அரசிடம் பணம் இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிர்வேல்77

நண்பரே, ஹாரிங்டனுக்கு எல்லாம் முன்னால் மொஹெஞ்சதாரோவில் வீட்டுக்கு வீடு செங்கல் கழிவறையும் மூடிய சாக்கடையும் இருந்தன. 4,500 வருடத்துக்கு முன்பு! ரோமிலும் இருந்தது. நடுவில் ஐரோப்பாக்காரர்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள், அதுதான் தாமதத்துக்குக் காரணம். அப்புறம் ஃபிளஷ் டாய்லெட்டைக் கண்டுபிடித்தவர் தாமஸ் கிராப்பர். அவர் வந்த பிறகுதான் லண்டன் சுத்தமானது. 1866-க்குப் பிறகு காலரா நின்றதற்கும் இது பொருந்துகிறது.

சேது_ஓய்வு

34 வருடம் குடிநீர், கழிவுநீர்ப் பணியில் பொறியாளராக இருந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கதிர்வேல் தம்பி, மொஹெஞ்சதாரோ பற்றிச் சொன்னது சரி. தெருவோரம் செங்கல் வாய்க்கால், அதன் மேல் பலகைக்கல், நடுநடுவே கசடு தங்கும் குழிகள், எல்லாம் நன்றாகச் செய்த வேலை. ஆனால் கிராப்பர் விஷயம் சரியில்லை. அவர் கடை போட்டது 1861-இல். நல்ல வியாபாரி, பொருத்துவதில் சில மேம்பாடுகள் செய்தவர். கண்டுபிடித்தவர் அல்ல. அதற்கு 86 வருடம் முன்பே, 1775-இல், அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கலைஞர் காப்புரிமை வாங்கிவிட்டார்.

நீரோட்டம், உங்கள் கேள்வியில் ஒன்றைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கழிப்பறை பரவாததால் காலரா நீடித்தது என்று நினைக்கிறீர்கள். லண்டனில் 1830-க்குப் பிறகு காலராவை இவ்வளவு மோசமாக்கியவற்றில் கழிப்பறை பரவியதும் ஒன்று.

ஹாரிங்டனிடம் இருந்து தொடங்குகிறேன். அவர் தொட்டியின் அடியில் இருந்தது தோல் வைத்த அடைப்பான். அது கசியும். குழாயில் வளைவு கிடையாது, அதனால் கீழே குழியில் இருக்கும் நாற்றம் நேராக அறைக்குள் ஏறும். தண்ணீரை வேலைக்காரர்கள் சுமந்து மேலே ஏற்ற வேண்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் இருபது பேர் போனாலும் நாளுக்கு ஒருமுறை திறந்துவிட்டால் போதும் என்று அவரே எழுதினார். குழாய்த் தண்ணீர் இல்லாத ஊரில் அதை யார் வைப்பார்கள்? பானையும் குழியும் அதைவிட எளிது.

கம்மிங் செய்த வேலை சின்னது போலத் தெரியும். குழாயை எஸ் வடிவில் வளைத்தார். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், குழியின் காற்று அதைத் தாண்டி மேலே வராது. இன்று உங்கள் வீட்டில் இருப்பதும் அதே தத்துவம்தான். 1778-இல் ஜோசப் பிராமா அடைப்பானைக் கீல் வைத்து மேம்படுத்தி விற்கத் தொடங்கினார். வசதியானவர்கள் வாங்கினார்கள். பிறகு நீராவி இயந்திரமும் இரும்புக் குழாயும் வந்து, தண்ணீர் நிறுவனங்கள் வீடுகளுக்குத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்ததும் கழிப்பறை வேகமாகப் பரவியது.

அந்தத் தண்ணீர் எங்கே போனது? வீட்டுக்கு அடியில் இருந்த மலக்குழிக்கு. லண்டனில் அப்படி சுமார் 2 லட்சம் குழிகள் இருந்தன. அவை கெட்டியான கழிவுக்காகத் தோண்டியவை. சுவரில் சாந்து இல்லாமல், நீர் மண்ணில் கசியட்டும் என்றே கட்டியவையும் உண்டு. அதற்குள் ஒவ்வொரு தடவையும் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும்? குழி நிரம்பி, பக்கத்து மண்ணுக்கும் நிலவறைக்கும் கிணற்றுக்கும் போனது.

தெருவில் சாக்கடை இருந்தது, ஆனால் அது மழைநீருக்கு மட்டும். 1815 வரை வீட்டுக் கழிவை அதில் விடுவது சட்ட விரோதம். 1815-இல் அனுமதித்தார்கள், 1848-இல் குழியை மூடிவிட்டுச் சாக்கடையில் சேர்க்கச் சொல்லிக் கட்டாயமாக்கினார்கள். அடுத்த ஆறு வருடத்தில் சுமார் 30,000 குழிகள் மூடப்பட்டன. எல்லாம் தேம்ஸ் நதிக்குப் போனது. பல தண்ணீர் நிறுவனங்கள் குடிநீரை எடுத்ததும் அதே தேம்ஸிலிருந்து.

அம்பத்தூர் பாபு

சேது சார், வளைவுக் குழாய் பற்றிச் சொன்னதும் என் வீட்டுப் பிரச்சினை ஞாபகம் வந்தது. தலைப்புக்கு வெளியே போகிறேன் என்றால் மன்னிக்கவும். மாடியில் விருந்தாளிகளுக்கான பாத்ரூம் ஒன்று இருக்கிறது, வருடத்தில் நாலு தடவைதான் திறப்போம். திறந்தாலே சாக்கடை நாற்றம். இரண்டு பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, குழாய் உடைந்திருக்கும், தரையை உடைக்க வேண்டும் என்கிறார்கள். ஆசிட் ஊற்றினேன், போகவில்லை. வெஸ்டர்ன் கமோடுக்குப் பதில் நம்ம ஊர் பேசின் வைத்தால் நாற்றம் வராதா? உடம்புக்கு எது நல்லது?

சேது_ஓய்வு

பாபு, தரையை உடைக்க வேண்டாம். முதலில் தரையில் தண்ணீர் இறங்கும் இடத்தில் நஹானி ட்ராப்பின் மேல் தட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் மினுமினுக்கிறதா? மூன்று மாதம் பூட்டிக் கிடந்தால் அந்த வளைவில் நின்ற நீர் ஆவியாகிவிடும். பிறகு கீழே உள்ள குழாயின் காற்றுக்கும் உங்கள் அறைக்கும் நடுவே தடுப்பே இல்லை. அதில் ஒரு வாளித் தண்ணீர், கமோடில் ஒன்று, வாஷ்பேசினில் ஒன்று என்று ஊற்றிக் கதவைச் சாத்திவிட்டு, அடுத்த நாள் சொல்லுங்கள். நம்ம ஊர் பேசினிலும் இதே வளைவுதான் இருக்கிறது, அதனால் மாற்றிப் பயன் இல்லை.

அப்படியும் நாற்றம் இருந்தால், மேல் மாடியில் யாராவது ஃபிளஷ் செய்யும்போது உங்கள் வளைவில் உள்ள நீர் உறிஞ்சப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். களக்கென்று சத்தம் கேட்கும். காற்றுக்குழாய் அடைபட்டிருந்தால் அப்படி ஆகும்.

மல்லிகா டீச்சர்

வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். சேது சார் சொன்ன மலக்குழி விஷயத்துக்கு ஒரு வீட்டின் கதை இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கும்.

1854 ஆகஸ்ட் கடைசி. லண்டன் சோஹோ பகுதி, பிராட் தெரு, 40-ஆம் எண் வீடு. ஐந்து மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தாய் துணிகளை வாளியில் அலசி, அந்தத் தண்ணீரை வீட்டின் முன்பக்க மலக்குழியில் கொட்டினாள். அந்தக் குழிக்கும் தெருவிலிருந்த பொதுக் கிணற்றுக்கும் நடுவே மூன்று அடிகூட இல்லை. குழியின் செங்கல் இற்றுப்போய் விரலால் எடுத்தாலே வரும் நிலையில் இருந்ததைப் பிறகு தோண்டிப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கிணற்றின் மேலே கைப்பம்பு. தண்ணீர் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் என்று தூரத்திலிருந்தெல்லாம் வந்து எடுத்துப் போவார்கள்.

அந்தப் பகுதியில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, பம்பு பக்கம் விரல் காட்டினார். செப்டம்பர் 8-இல் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் தானாகவே தணிய ஆரம்பித்திருந்தது, அதனால் கைப்பிடிதான் ஊரைக் காப்பாற்றியது என்று நான் வகுப்பில் சொல்வதில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். அதே செப்டம்பர் 8-இல் 40-ஆம் எண் வீட்டில் குழந்தையின் அப்பாவும் நோயில் விழுந்தார். அவருடைய கழிவும் அதே குழிக்குத்தான் போயிருக்கும். கைப்பிடி இருந்திருந்தால் இரண்டாவது அலை வந்திருக்கலாம்.

அந்தத் தாயை நான் குற்றம் சொல்லவே மாட்டேன். குழந்தையின் துணியை அலசிய தண்ணீரைக் குழியில் கொட்டாமல் வேறு எங்கே கொட்டுவாள்?

தீபன்_யாழ்

வணக்கம். மல்லிகா ரீச்சர், நீங்கள் எழுதினதைப் படித்து இரவு நித்திரை வரவில்லை. நான் யாழ்ப்பாணம். எங்கட வளவிலும் கிணறு இருக்கு, மலசலகூடக் குழி இருக்கு, பக்கத்து வளவுக்காரருக்கும் இரண்டும் இருக்கு. எங்கட ஊர் முழுக்கச் சுண்ணாம்புக்கல். அப்பா எப்பவும், "கிணறு ஆழமானது, தண்ணி தெளிவு" என்றுதான் சொல்லுவார். தெளிவாக இருந்தால் பாதுகாப்பு என்று நாங்கள் இத்தனை காலம் நம்பியிருக்கிறோம். எவ்வளவு தூரம் இருந்தால் பயமில்லை?

சேது_ஓய்வு

தீபன் தம்பி, மண்ணாக இருந்தால் தூரம் ஓரளவு காப்பாற்றும். மண் துகள்களுக்கு நடுவே தண்ணீர் மெல்ல ஊர்ந்து போகும்போது கிருமிகள் சிக்கி, நாளடைவில் சாகும். சுண்ணாம்புக்கல்லில் அப்படி இல்லை. அங்கே தண்ணீர் வெடிப்புகளின் வழியே ஓடும், வடிகட்டுவது குறைவு. அதனால் இத்தனை அடி என்று சொல்லி உங்களுக்குத் தைரியம் கொடுக்க என்னால் முடியாது. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஈ.கோலை என்ற மலக்கிருமி இருக்கிறதா, நைட்ரேட் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். மழைக்கு முன்பு ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று என்று இரண்டு மாதிரி கொடுத்தால் நல்லது. மழைக்குப் பிறகு கூடினால் குழியிலிருந்து வருகிறதோ என்று சந்தேகப்படலாம். அதுவரை குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்கு வேறு தண்ணீர் வேண்டும்.

நீரோட்டம்

சேது சார், மல்லிகா மேடம், என் கேள்வியே மாறிவிட்டது. சரி, அப்படியானால் புதுக் கேள்வி. 1849-இல் 14,000 பேர், 1854-இல் 10,000-க்கு மேல். ஸ்னோ தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிவிட்டார். அப்புறமும் பாதாளச் சாக்கடைக்குப் பணம் ஒதுக்க 1858 வரை ஏன் காத்திருந்தார்கள்?

மல்லிகா டீச்சர்

ஸ்னோ சொன்னதைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நாற்றம்தான் நோய், கெட்ட காற்றை மூச்சிழுத்தால் காலரா வரும் என்பதே அன்றைய மருத்துவம். எட்வின் சாட்விக் என்ற பெரிய சீர்திருத்தவாதி 1842-இல் ஏழைகளின் வாழ்விடங்களைப் பற்றி எழுதிய அறிக்கை அந்த நம்பிக்கையில்தான் எழுதப்பட்டது. நாற்றத்தை வீட்டை விட்டு வெளியேற்றினால் நோய் போகும் என்று நம்பியதால்தான், மலக்குழியை மூடி எல்லாவற்றையும் ஆற்றில் விட ஏற்பாடு செய்தார்கள். நல்ல எண்ணம், தவறான இடம்.

வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர அதிகாரிக்கு இன்னொரு கணக்கு கிடைத்தது. தேம்ஸ் மட்டத்திலிருந்து வீடு எவ்வளவு உயரமோ, அந்த அளவுக்கு இறப்பு குறைகிறது என்று எண்களில் அழகாகக் காட்டினார். ஆற்றோரத்தில் கெட்ட காற்று அடர்த்தி என்று விளக்கினார். எண்கள் சரி. ஆனால் தாழ்வான இடத்து மக்கள்தான் மோசமான தண்ணீரைக் குடித்தார்கள் என்பதைப் பார்க்கவில்லை. 1866-க்குப் பிறகு அவரே தண்ணீர் பக்கம் வந்தார். இதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை.

சுபா_பொதுசுகாதாரம்

ஸ்னோவின் சிறந்த வேலை பம்பு அல்ல என்பது என் கருத்து. தெற்கு லண்டனில் இரண்டு தண்ணீர் நிறுவனங்களின் குழாய்கள் ஒரே தெருக்களில் கலந்து ஓடின. பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஒரே காற்று, ஒரே வசதி, ஆனால் வேறு வேறு தண்ணீர். லாம்பெத் நிறுவனம் 1852-இல் நீர் எடுக்கும் இடத்தை மேல்நோக்கித் தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றியது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் நிறுவனம் நகரக் கழிவு கலக்கும் இடத்திலிருந்தே எடுத்தது. 1854 அலையின் முதல் ஏழு வாரங்களில் பத்தாயிரம் வீட்டுக்கு லாம்பெத்தில் 37 இறப்பு, சவுத்வார்க்கில் 315. எட்டரை மடங்கு. யாரும் திட்டமிடாமல் அமைந்த சோதனை. காற்று நோய் என்றால் இந்த வித்தியாசம் வர வாய்ப்பே இல்லை.

சேது_ஓய்வு

டீச்சர் சொன்னதோடு என் துறை சார்ந்த காரணத்தையும் சேர்க்கிறேன். கழிப்பறையை ஒருவர் தன் காசில் தன் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பாதாளச் சாக்கடையை அப்படிக் கட்ட முடியாது. அது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஊர் முழுவதையும் குறுக்கே கடந்து போக வேண்டும். ஆனால் லண்டனில் 1848 வரை சாக்கடைக்கென்று எட்டு தனித்தனி ஆணையங்கள். ஒன்றின் குழாய் பெரியது, அடுத்ததன் குழாய் சின்னது. பெரிய குழாயிலிருந்து சின்னக் குழாய்க்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏழை வார்டுக்காக நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்று மேட்டுத் தெருக்காரர் கேட்டார். 1848-இல் லண்டனின் மையமான சிட்டி பகுதி தவிர மற்றதை ஒன்றாக்கினார்கள். ஆனால் அந்த அமைப்பு சில வருடத்திலேயே ஆறு முறை மாற்றியமைக்கப்பட்டது. எந்த வரைபடமும் முடிவாகவில்லை.

1856 முதல் புதிய பெருநகரப் பணி வாரியம் வேலை தொடங்கியது. தலைமைப் பொறியாளர் ஜோசப் பாசல்ஜெட். அவர் திட்டம் கொடுத்தார், ஆனால் அரசின் அனுமதி இல்லாமல் வாரியம் செலவு செய்ய முடியாது. கழிவு ஆற்றில் விழும் இடம் நகரத்துக்கு இன்னும் தள்ளி இருக்க வேண்டும் என்று அரசு திருப்பி அனுப்பியது. இன்னும் தள்ளிப் போனால் செலவு யாருடையது என்று பேச்சு நீண்டது. இப்படி இரண்டு வருடம்.

1858 ஜூன் மாதம் கடும் வெயில். தேம்ஸ் வற்றி, நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் வந்தது. ஜன்னல் திரைகளைக் குளோரைடு ஆஃப் லைம் என்ற பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அறையில் உட்கார முடியவில்லை. சட்டம் 18 நாளில் நிறைவேறி ஆகஸ்ட் 2-இல் கையெழுத்தானது. வாரியம் 30 லட்சம் பவுண்டு கடன் வாங்கலாம், அரசின் அனுமதி தேவையில்லை. 14,000 பேர் இறந்தபோது வராத வேகம் நாற்றம் வந்தபோது வந்தது. இதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

கதிர்வேல்77

சேது ஐயா, கிராப்பர் விஷயம் நான் தவறாக நினைத்திருந்தேன், நன்றி. பாசல்ஜெட் என்ன கட்டினார் என்று சொல்லுங்கள். வெறும் பெரிய குழாயா?

சேது_ஓய்வு

முதலில் ஊரின் அமைப்பு. பழைய சாக்கடைகள் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் தேம்ஸை நோக்கி இறங்கும். பாசல்ஜெட் அவற்றுக்குக் குறுக்கே, ஆற்றுக்கு இணையாக மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்குழாய்கள் போட்டார். பழையது ஆற்றைத் தொடும் முன் இந்தக் குழாய் அதை மறித்து வாங்கிக்கொள்ளும். வடக்கே மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, ஆற்றோரம் ஒன்று. இப்படி 82 மைல் பெருங்குழாய்.

சரிவு மைலுக்கு 2 அடி. கண்ணால் பார்த்தால் தெரியாத அளவு. ஓட்டம் குறைந்தால் கசடு படிந்து அடைத்துக்கொள்ளும், அதனால் பாதி நிரம்பி ஓடும்போது மணிக்கு ஒன்றரை மைல் வேகம் இருந்தால் போதும் என்று கணக்கு வைத்தார். குழாயின் வடிவம் பல இடங்களில் முட்டை போல, கூர்மையான பக்கம் கீழே. ராத்திரி நேரத்தில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் வரும்போது அந்த ஒடுங்கிய அடியில் வேகமாக ஓடும். மழையில் மேலே அகன்ற இடம் இருக்கிறது. வயலில் வாய்க்கால் வெட்டியவர்களுக்கு இது உடனே புரியும்.

மிகத் தாழ்வான இடத்தில் சரிவு தீர்ந்துபோகும். அங்கே நீராவி இயந்திரத்தால் மேலே ஏற்ற வேண்டும். தெற்கே கிராஸ்னஸ் நிலையம் 1865-இல், வடக்கே ஆபி மில்ஸ் 1868-இல் திறந்தன. செங்கல் மட்டும் 31 கோடிக்கு மேல். சாதாரணச் சுண்ணாம்புச் சாந்துக்குப் பதில் தண்ணீரிலும் இறுகும் போர்ட்லேண்ட் சிமென்ட். அன்று அது புதியது, சரியாகச் சுடாவிட்டால் பிளந்துவிடும். அதனால் வந்த சிமென்ட்டை இழுத்துப் பார்த்துச் சோதித்து வாங்கினார்கள். குழாய் இன்னும் வேலை செய்கிறது என்றால் அந்தச் சோதனைக்கும் பங்கு இருக்கிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். அவர் கழிவைச் சுத்தப்படுத்தவில்லை. நகரத்துக்குக் கிழக்கே தேக்கி வைத்து, கடல் ஏற்றம் முடிந்து நீர் வடியத் தொடங்கும்போது அப்படியே ஆற்றில் விட்டார். வடியும் நீர் கடலுக்குத் தள்ளும் என்று எண்ணினார். 1878 செப்டம்பரில் பிரின்சஸ் ஆலிஸ் என்ற பயணக் கப்பல் கழிவு ஆற்றில் விழும் அந்த வாய்க்கு அருகே மோதி மூழ்கியது. சுமார் 650 பேர் இறந்தார்கள். அவர்கள் விழுந்த தண்ணீர் எப்படிப்பட்டது என்று அப்போதே பெரும் சர்ச்சை. 1887-லிருந்து கசடைப் பிரித்துக் கப்பலில் கடலுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

சுபா_பொதுசுகாதாரம்

சேது ஐயாவின் விளக்கம் அருமை. ஆனால் பாசல்ஜெட் காலராவை ஒழித்தார் என்ற முடிவுக்கு நான் இன்னும் வரவில்லை. 1852-லேயே ஒரு சட்டம் வந்து, தண்ணீர் நிறுவனங்கள் மேல் ஆற்றிலிருந்து எடுக்க வேண்டும், மணலில் வடிகட்ட வேண்டும் என்று சொன்னது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன, எதன் பலன் எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

ஜெர்மனியின் ஹாம்பர்க்கைப் பாருங்கள். 1842 தீ விபத்துக்குப் பிறகு வில்லியம் லிண்ட்லி என்ற பொறியாளரைக் கொண்டு நவீனப் பாதாளச் சாக்கடை கட்டினார்கள், லண்டனுக்கு முன்பே. ஆனால் குடிநீரை எல்ப் ஆற்றிலிருந்து வடிகட்டாமல் கொடுத்தார்கள். 1892-இல் காலரா வந்து 8,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பக்கத்தில் ஒட்டியிருந்த ஆல்ட்டோனா அதே ஆற்றில், ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு கீழே எடுத்து, மணலில் வடிகட்டிக் கொடுத்தது. அங்கே இறந்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. ஒரே தெருவின் இரு பக்கத்தில் இரண்டு நகரங்கள். வடிகட்டியது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பிழைத்தது.

சேது_ஓய்வு

சுபா, ஹாம்பர்க் சரியான எடுத்துக்காட்டு, மறுக்கவில்லை. ஆனால் 1866 லண்டனைப் பாருங்கள். அந்த அலையில் இறந்த 5,500-க்கு மேற்பட்டோரில் பெரும்பாலோர் கிழக்கு லண்டனில். அந்தப் பகுதியின் பெருங்குழாய் இன்னும் வேலை செய்யவில்லை, ஆபி மில்ஸ் நிலையம் முடியவில்லை. மற்ற பகுதியில் சாக்கடை இணைந்திருந்தது, அங்கே காலரா பெரிதாகவில்லை.

சுபா_பொதுசுகாதாரம்

ஆனால் ஐயா, கிழக்கு லண்டனுக்குத் தண்ணீர் கொடுத்த நிறுவனத்தின் ஓல்ட் ஃபோர்டு நீர்த்தேக்கத்தில் லீ ஆற்று நீர் வடிகட்டாமல் கலந்ததும் அதே வருடம்தான். குழாயில் விலாங்கு மீன் வந்ததாக மக்கள் புகார் சொன்னார்கள். மணல் வழியாக வந்த தண்ணீரில் விலாங்கு எப்படி வரும்? ஃபார் மனம் மாறியதும் இதைப் பார்த்துத்தான். சாக்கடை இணைந்திருந்தால் லீ ஆறு அவ்வளவு கெட்டிருக்காது என்று நீங்கள் சொல்லலாம். வடிகட்டியிருந்தால் ஆறு கெட்டிருந்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்வேன்.

சேது_ஓய்வு

அங்கே நாம் ஒத்துப்போக மாட்டோம் போல. வடிகட்டி ஒருநாள் பழுதாகும், ஒரு மடையை யாராவது திறந்துவிடுவார்கள், 1866-இல் நடந்ததே அதுதான். ஆறு சுத்தமாக இருந்தால் அந்தப் பிழை உயிரைக் கொல்லாது. இரண்டு தடுப்பும் வேண்டும் என்பேன், எது முதல் என்று கேட்டால் என் கை சாக்கடை பக்கம்தான் போகும்.

மல்லிகா டீச்சர்

ஒரு கேள்வி யாரும் கேட்கவில்லை. மலக்குழிகளை ராத்திரியில் அள்ளியவர்கள் இருந்தார்களே. கூலி வாங்கி அள்ளி, விவசாயிகளுக்கு உரமாக விற்றார்கள். ஊர் பெருகி வயல் தூரமானதும் வண்டிச் செலவு ஏறியது. 1840-களில் தென்னமெரிக்காவிலிருந்து கடற்பறவை எச்ச உரம் கப்பலில் மலிவாக வந்ததும் அவர்கள் சரக்கை வாங்க ஆள் இல்லை. குழிகள் அள்ளப்படாமல் நிரம்பியதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். குழிகள் மூடப்பட்ட பிறகு அவர்கள் எங்கே போனார்கள், என்ன செய்து பிழைத்தார்கள்? நம் ஊரில் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-லும் 2013-லும் சட்டம் போட்டும், இன்றும் செப்டிக் டேங்கில் இறங்கி மூச்சடைத்துச் சாகிறார்கள். இதைக் கேட்காமல் இந்தப் பேச்சு எனக்கு முழுமையாகவில்லை.

அம்பத்தூர் பாபு

சேது சார், மூன்று வாளி ஊற்றினேன். நாற்றம் போய்விட்டது. இரண்டு நாளாகக் கதவைத் திறந்து திறந்து பார்க்கிறேன். நஹானி ட்ராப் உள்ளே எலும்பு போல வறண்டிருந்தது. இனி மாதம் ஒரு தடவை தண்ணீர் ஊற்றச் சொல்லி காலண்டரில் குறித்துவிட்டேன்.

தீபன்_யாழ்

சேது ஐயா, அப்பாவோடு சேர்ந்து டேப் பிடித்து அளந்தோம். எங்கட குழியில் இருந்து கிணறு 61 அடி. அதைப் பற்றிக் கவலைப்படேல்லை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குழி, கிணற்றில் இருந்து 22 அடிதான். இதுவரைக்கும் எங்களுக்குத் தெரியவே தெரியாது. அவையளோட பேசினோம், கோபப்படேல்லை, அவையும் தங்கட கிணற்றுத் தண்ணியைக் குடுக்கப் போகினம். நேற்று இரண்டு போத்தலும் ஆய்வுகூடத்துக்குப் போயிட்டுது. மழை வந்த பிறகு இன்னும் இரண்டு குடுப்போம். அறிக்கை வந்ததும் இங்கே போடுகிறேன்.